எந்த பிடிஎஃப் ரீடர் நல்லது? முதல்ல உங்க ஃபைலைக் கேளுங்க

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோட் முழுக்க கேள்வி பதில்தான். கேள்வி கேட்க வந்திருக்கிறவங்க குரூப் 4 தேர்வுக்குப் படிச்சுக்கிட்டு இருக்காங்க. கையில் ஒரு ஆண்ட்ராய்டு ஃபோன், வீட்டில் ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப். படிக்க வேண்டியது எல்லாமே பிடிஎஃப்தான். எந்த ஆப் போடறதுன்னு அவங்களுக்குத் தெரியல. அதோட, தேடினா எதுவுமே கிடைக்க மாட்டேங்குதுன்னு ஒரு பெரிய புலம்பல். பதில் சொல்ல வந்திருக்கிற அண்ணா, பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்து மின்வடிவமாக்கற வேலையில பல வருஷமா இருக்கறவர்.

கேள்வி: அண்ணா, நேரா கேட்டுடறேன். ஒரே ஒரு ஆப் பேர் சொல்லுங்க, போட்டுட்டுப் போயிடறேன்.

பதில்: (சிரிப்பு) சொல்றேன்மா, ஆனா கடைசியில சொல்றேன். ஏன்னா, நீங்க ஆப் மேல சொல்ற குறையில பாதி ஆப்போட குறையே இல்ல, ஃபைலோட குறை. உங்க கிட்ட இருக்கறதுலயே ரொம்பப் படுத்தற பிடிஎஃப் எது?

கேள்வி: மூணு இருக்கு. ஒண்ணு, ஒரு பழைய வரலாற்றுப் புத்தகத்தோட ஸ்கேன். ரெண்டாவது, ஒரு கோச்சிங் சென்டர்ல கொடுத்த நோட்ஸ். மூணாவது, நெட்ல இறக்கின இலக்கியப் பாடக் குறிப்பு. மூணுலயுமே சர்ச் வேலை செய்யல. தேர்வுக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் பக்கம் பக்கமா புரட்டிட்டு இருக்கேன்.

பதில்: மூணுலயும் வேலை செய்யலன்னாலும் மூணுக்கும் காரணம் ஒண்ணா இருக்காது. இப்பவே பார்த்துடலாம். முதல் ஃபைலைத் திறந்து ஏதாவது ஒரு சொல் மேல விரலை அழுத்திப் பிடிங்க. சொல் தேர்வாகுதா?

கேள்வி: இல்ல. பக்கம் பெருசாகுது, சின்னதாகுது, அவ்வளவுதான்.

பதில்: அப்போ அது எழுத்தே இல்லம்மா, ஃபோட்டோ. ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். நமக்கு அது எழுத்தாத் தெரியுது, ஆப்புக்கு அது கறுப்பு வெள்ளைப் புள்ளிதான். உலகத்துலயே விலை கூடுன ரீடரைப் போட்டாலும், படத்துல இருந்து எழுத்தைப் படிச்சு எடுக்கற ஓசிஆர் வசதியை ஓட்டாத வரைக்கும் தேடல் நடக்காது. சரி, ரெண்டாவது ஃபைல்?

கேள்வி: கோச்சிங் நோட்ஸ். இதுல தேர்வாகுது அண்ணா.

பதில்: நல்லது. "தமிழ்"ங்கற சொல் எங்கயாவது இருந்தா அதைக் காப்பி செய்து, வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பற சாட்ல ஒட்டுங்க.

கேள்வி: ஐயோ, jkpo; அப்படின்னு வருது! ஃபைல் கெட்டுப் போச்சா?

பதில்: கெட்டுப் போகல. அது பாமினி எழுத்துரு. யூனிகோட் பரவறதுக்கு முன்னாடி, டிடிபி சென்டர்கள்ல இப்படித்தான் தமிழ் அடிப்பாங்க. ஆங்கில எழுத்து இருக்கற இடத்துல தமிழ் வடிவத்தை வரைஞ்சு வெச்சிடுவாங்க. ஃபைலுக்குள்ள உண்மையில இருக்கறது j, k, p, o, ஒரு அரைப்புள்ளி. மேல போர்த்தின சட்டைதான் த, மி, ழ். நீங்க "தமிழ்"னு யூனிகோட்ல தேடறீங்க, அது உள்ளே இல்லவே இல்ல. ஆப் என்ன பண்ணும் பாவம்?

கேள்வி: அப்போ நான் jkpo;-ன்னு தேடினா?

பதில்: தேடிப் பாருங்களேன்.

கேள்வி: (சற்று நேரம் கழித்து) அட, வருதே! பக்கம் பக்கமா மஞ்சளாக் காட்டுது.

பதில்: அதான் விஷயம். யூனிகோட்ல இருந்து பாமினிக்கு மாத்தற கன்வெர்ட்டர் பக்கங்கள் இணையத்துல இலவசமாவே இருக்கு. தேட வேண்டிய சொல்லை அங்க அடிச்சு, மாத்தி, அதைக் கொண்டு வந்து சர்ச் பெட்டியில ஒட்டணும். ஒண்ணு மட்டும் கவனம்: எல்லாப் பழைய ஃபைலும் பாமினி இல்ல. அந்தக் காலத்துல ஆளுக்கொரு எழுத்துரு முறை வெச்சிருந்தாங்க. அதனால கன்வெர்ட்டரை நம்பறதை விட, ஃபைல்ல இருந்தே சொல்லைக் காப்பி செய்து, அதையே சர்ச்ல ஒட்டறது நிச்சயமான வழி. எந்த முறையா இருந்தாலும் அதே குறியீடுதானே திரும்பப் போகுது.

கேள்வி: மூணாவது ஃபைல்ல காப்பி செய்தா தமிழாவே வருது. ஆனா "கொடை"ங்கறது ஏதோ உடைஞ்சு வருது. கொம்பு முன்னாடி தனியா நிக்குது.

பதில்: இதுதான் ரொம்ப ஏமாத்தற வகை. பார்க்கத் தமிழ், ஒட்டினாலும் தமிழ், ஆனா வரிசை தப்பு. யூனிகோட்ல "கொ" எழுதும்போது முதல்ல "க", அப்புறம்தான் அந்த உயிர்க்குறி. ஆனா கண்ணுக்குக் கொம்பு முதல்ல தெரியுது இல்லையா? பிடிஎஃப் செய்த மென்பொருள் கண்ணுக்குத் தெரியற வரிசையிலயே எழுத்தைக் கொட்டி வெச்சிருந்தா, காப்பி செய்யும்போது கொம்பு முன்னாடி வந்துடும். நீங்க சரியா அடிச்ச "கொடை" அதோட பொருந்தாது.

இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. சொல்லுல ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி வராத ஒரு துண்டை எடுத்துத் தேடுங்க. "பொன்னியின்" வேணும்னா "ன்னியின்"னு தேடுங்க. "சேரமான்" வேணும்னா "ரமான்". கொஞ்சம் வேண்டாத முடிவும் சேர்ந்து வரும், பரவாயில்ல.

கேள்வி: ஆனா அண்ணா, ஒழுங்கான ஃபைல்லகூட சில சமயம் வராது. "மரம்"னு தேடினா நாலுதான் வந்துச்சு. பக்கம் முழுக்க மரமா இருக்கு!

பதில்: ஏன்னா பக்கத்துல "மரம்" இல்லம்மா, "மரத்தில்", "மரங்கள்", "மரத்தின்" இருக்கு. ஆங்கிலத்துல சொல்லோட முன்பகுதி பெரும்பாலும் மாறாது, அதனால அப்படியே தேடிடலாம். தமிழ்ல வேற்றுமை உருபு சேர்ந்தா உள்ளேயே உரு மாறும். மகர மெய் போய் "த்து" வந்துடும். அதனால புள்ளி வெச்ச கடைசி எழுத்தை விட்டுட்டு "மர"ன்னு தேடணும். "நாடு" வேணும்னா "நாட". அது "நாடு", "நாடுகள்" எல்லாத்தையும் பிடிக்கும், ஆனா "நாட்டின்"-ஐப் பிடிக்குமா?

கேள்வி: அங்க ட இல்லயே, ட்-தானே?

பதில்: கணினிக்கு "ட்"ங்கறது ட-வும் ஒரு புள்ளியும். "டு"ங்கறது ட-வும் உகரக் குறியும். அதனால பெரும்பாலான ஆப்ல "நாட" ரெண்டையும் பிடிச்சிடும். சில ஆப் முழு எழுத்தாத்தான் பார்க்கும், அது பிடிக்காது. ஆப்புக்கு ஆப் வித்தியாசம் வர்ற இடம் இதுதான், அதனால இதையே சோதனையா வெச்சுக்கோங்க. ஒழுங்கான யூனிகோட் ஃபைல் ஒண்ணுல "நாட" போட்டுப் பாருங்க. அதோட, சர்ச் பெட்டி பக்கத்துல Whole Words மாதிரி ஒரு தேர்வு இருந்தா அதை எடுத்து விடுங்க. அது ஆன்ல இருந்தா தமிழ்ல பாதி போயிடும்.

கேள்வி: அந்த ஸ்கேன் புத்தகத்துக்கு ஒண்ணுமே செய்ய முடியாதா? அதுதான் எனக்கு முக்கியம்.

பதில்: முடியும். சின்ன ஃபைலா இருந்தா கூகுள் டிரைவ்ல ஏத்தி, கூகுள் டாக்ஸ்ல திறந்தீங்கன்னா தமிழ் எழுத்தைப் படிச்சுத் தரும். ஆனா 2 எம்பிக்குள்ள இருந்தா நல்லதுன்னு அவங்களே சொல்றாங்க. முழுப் புத்தகத்துக்கு அது ஆகாது, ஒரு அத்தியாயத்தைப் பிரிச்சு ஏத்தலாம். அதோட பக்க அமைப்பு போயிடும், வெறும் எழுத்துதான் மிஞ்சும்.

புத்தகம் புத்தகமாவே இருக்கணும், உள்ளே தேடவும் முடியணும்னா, OCRmyPDF-னு ஒரு இலவசக் கருவி இருக்கு. உள்ளுக்குள்ள டெசராக்ட் ஓசிஆரைத்தான் அது பயன்படுத்துது. லினக்ஸ் தெரிஞ்ச ஃப்ரெண்ட் யாராவது இருந்தா இந்த ஒரு வரியைக் கொடுங்க:

```
ocrmypdf -l tam+eng pazhaya.pdf pudhiya.pdf
```

பக்கத்தோட படம் அப்படியே இருக்கும், அதுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத எழுத்தா ஒரு அடுக்கு சேரும். அதுல பிழை இருக்கும், ன-வும் ண-வும் குழம்பும், மங்கின அச்சுன்னா இன்னும் மோசம். மேற்கோளுக்கு அதை நம்பாதீங்க. "இந்த விஷயம் எந்தப் பக்கத்துல"ன்னு கண்டுபிடிக்கப் போதும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

கேள்வி: சரி, அடுத்தது புக்மார்க். லேப்டாப்ல அடோபி ரீடர்தான் இருக்கு. புக்மார்க்னு ஒரு பட்டி காட்டுது, ஆனா என்னால ஒண்ணும் சேர்க்க முடியல.

பதில்: ஏன்னா ஒரே பேர்ல ரெண்டு சமாச்சாரம் ஓடுது. ஒண்ணு, பிடிஎஃப் செய்தவங்க உள்ளேயே வெச்ச பொருளடக்கம். அத்தியாயத் தலைப்பைத் தட்டினா அந்தப் பக்கம் போகும். அடோபி இதைத்தான் புக்மார்க்னு சொல்லுது. இலவச ரீடர்ல அதைப் பார்க்கலாம், புதுசா சேர்க்க முடியாது. காசு கட்டற பதிப்புலதான் சேர்க்கலாம். இன்னொண்ணு, நாம புத்தகத்துல மயிலிறகு வைக்கற மாதிரி நாமளா வைக்கற அடையாளம். அது பல ஆப்ல ஃபைலுக்குள்ள போகாது, ஆப்போட கணக்குலதான் இருக்கும்.

கேள்வி: அப்போ ஃபோனை மாத்தினா?

பதில்: ஆப் பேக்கப் எடுக்கலன்னா அடையாளம் போச்சு. பிடிஎஃபை மட்டும் காப்பி பண்ணிட்டுப் போனா வெறும் புத்தகம்தான் வரும். அதனால புது ஆப் போட்டதும் இதைச் சோதிங்க: ஒரு பக்கத்துல அடையாளம் வைங்க, ஃபைலை வேற ஆப்ல திறங்க. அடையாளம் தெரியலன்னா அது ஆப்போட கணக்கு. எனக்கென்னவோ முக்கியமான இடத்துக்கு ஹைலைட் போடறதுதான் பாதுகாப்பு. ஃபைலுக்குள்ள சேமிக்கற ஆப்பா இருந்தா ஹைலைட் கூடவே பயணம் பண்ணும்.

இன்னொரு சின்ன விஷயம், அச்சுப் பக்க எண். புத்தகத்துல 112ஆம் பக்கம்னு போட்டிருக்கும், நீங்க 112-க்குப் போனா வேற எதுவோ வரும். முன்னுரை, பதிப்புரைன்னு முதல்ல 14 பக்கம் இருந்தா, ஆப்போட கணக்குல அது 126. ஒரு தடவை வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சு அட்டைப் பக்கத்துலயே "+14"னு குறிச்சு வெச்சுட்டா முடிஞ்சது.

கேள்வி: ஜூம். ஃபோன்ல படிக்கும்போது இழுத்து இழுத்து விரல் வலிக்குது. வரி முடிஞ்சு அடுத்த வரிக்குத் திரும்ப இடதுபக்கம் தள்ளணும்.

பதில்: கணக்கு போட்டுப் பார்த்தா ஏன்னு புரியும். ஏ4 தாள் 21 சென்டிமீட்டர் அகலம். உங்க ஃபோன் திரை நிமிர்ந்து இருக்கும்போது ஏழு சென்டிமீட்டர்கூட இருக்காது. முழு அகலத்தையும் திரையில அடைச்சா மூணுல ஒரு பங்கு ஆயிடும். 12 புள்ளி எழுத்து 4 புள்ளி ஆயிடும், மருந்துச் சீட்டுல வர்ற பொடி எழுத்து மாதிரி. இப்போ ஃபோனைப் படுக்க வைங்க. அகலம் கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர். எழுத்து எட்டரைப் புள்ளிக்கு வந்துடும், படிக்கலாம். இன்னும் ஒரு படி இருக்கு. தாளோட ரெண்டு பக்கமும் ரெண்டரை சென்டிமீட்டர் வெள்ளை ஓரம் சும்மா கிடக்கு. அதை வெட்டிட்டா எழுத்து இருக்கற அகலம் 16 சென்டிமீட்டர்தான். படுக்க வெச்ச ஃபோன்ல கிட்டத்தட்ட அச்சுல இருக்கற அதே அளவு கிடைச்சிடும்.

கேள்வி: வெட்டறதுன்னா ஃபைலையேவா?

பதில்: இல்ல இல்ல, காட்சியை மட்டும். Crop, Trim Margins மாதிரி பேர்ல இருக்கும். ஃபோனுக்கு ஆப் தேடும்போது நான் முதல்ல பார்க்கறது இந்த வசதியைத்தான், ஜூம் எத்தனை மடங்குன்னு பார்க்கறதில்ல. அதோட, ஜூம் அளவைப் பூட்டி வைக்குதான்னு பாருங்க. பக்கம் திருப்பினதும் பழைய அளவுக்கே போற ஆப் ரெண்டு நாள்ல கோபத்தைக் கிளப்பிடும். ஒண்ணு சொல்லணும், பிடிஎஃப்ல பொதுவா எழுத்தை மட்டும் பெருசாக்க முடியாது, தாளோட சேர்ந்துதான் பெருசாகும். எழுத்து மட்டும் பெருசாகி வரி தானா மடங்கணும்னா அது ஈபப் வடிவம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் மாதிரி தளத்துல ஒரே புத்தகம் ஈபப், ஏ4 பிடிஎஃப், 6 இன்ச் பிடிஎஃப்னு தனித்தனியா இருக்கும். ஃபோனுக்கு ஏ4-ஐ இறக்காதீங்க.

கேள்வி: லேப்டாப்ல ரெண்டு பக்கம் சேர்த்துப் பார்க்கறது? அழகா இருக்கும்னு நினைச்சேன், ஆனா வரைபடம் எல்லாம் இடம் மாறி வருது.

பதில்: அட்டைதான் காரணம். அச்சுப் புத்தகத்துல முதல் பக்கம் தனியா வலதுபக்கம் இருக்கும். அப்புறம்தான் 2-3, 4-5 ஜோடி. ஆப் 1-2, 3-4ன்னு ஜோடி சேர்த்துட்டா, 4-5ல விரிஞ்சிருக்கிற வரைபடம் ரெண்டாப் பிரிஞ்சிடும். ஃபயர்ஃபாக்ஸ்ல திறந்தா Even Spreads-னு இருக்கறதைத் தேர்வு பண்ணுங்க, அட்டை தனியா போயிடும். சுமத்ரால அதுக்குப் பேர் Book View, அடோபியில Show Cover Page in Two Page View.

ஆனா ஏ4 நோட்ஸுக்கு இது வேண்டாம்மா. 15.6 இன்ச் லேப்டாப்போட உயரம் 19 சென்டிமீட்டர் சொச்சம்தான், மெனு பட்டி போக 17 மிஞ்சும். 29.7 சென்டிமீட்டர் தாளை அதுல அடைச்சா எழுத்து 7 புள்ளிக்குக் கீழ போயிடும். நாவல் அளவு சின்னப் புத்தகத்துக்குத்தான் ரெண்டு பக்கக் காட்சி சரி. அப்புறம், சில ஸ்கேன்ல ஏற்கெனவே ஒரே படத்துல ரெண்டு பக்கம் இருக்கும். அதுல இதைப் போட்டா நாலு பக்கம் ஒண்ணா வந்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்.

கேள்வி: இப்பவாவது பேர் சொல்லுங்க!

பதில்: (சிரிப்பு) சரி. உங்க பழைய லேப்டாப்புக்கு SumatraPDF. இலவசம், விளம்பரம் கிடையாது, சின்னது, விட்ட பக்கத்துலயே திறக்கும். Ctrl+F தேடல், Ctrl+B உங்க அடையாளம், Ctrl+2 அகலத்துக்குப் பொருத்த, Ctrl+8 அட்டை தனியா விட்ட ரெண்டு பக்கம். அடையாளத்தை அது தன் கணக்குலதான் வெச்சுக்கும், அதனால ஃபைலோட பேரையோ ஃபோல்டரையோ மாத்தாதீங்க. அடோபியையும் அழிச்சிடாதீங்க. இ-ஆதார்ல டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்க அது தேவைப்படும்.

ஃபோனுக்கு Librera, ReadEra ரெண்டையும் போடுங்க. ரெண்டுலயும் அந்த "நாட" சோதனையைச் செய்ங்க, ஓரம் வெட்டிப் பாருங்க, ஒரு அடையாளம் வெச்சு மூடித் திறங்க. பத்து நிமிஷ வேலை. தோத்ததை அழிச்சிடுங்க.

கேள்வி: கோச்சிங் நோட்ஸை என்ன பண்ண? அஞ்சு வாரமும் jkpo;-ன்னே தேடிட்டு இருக்கறதா?

பதில்: அவங்க கிட்டயே கேளுங்க. டைப் செய்த மூல ஃபைல் அவங்க கிட்டதான் இருக்கும். யூனிகோடுக்கு மாத்தி ஒரு பிடிஎஃப் கொடுங்கன்னு கேட்டா, அவங்களுக்கு அது அரை மணி நேர வேலை, உங்க பேட்ச் முழுக்கப் பயன்படும். கொடுக்கலன்னா, அடிக்கடி தேடற இருபது முப்பது சொல்லை மட்டும் ஃபைல்ல இருந்தே காப்பி செய்து ஒரு நோட்ல வரிசையா வெச்சுக்கோங்க, பக்கத்துல யூனிகோட் தமிழ் எழுதி.

கேள்வி: இன்னைக்கு ராத்திரியே உட்கார்றேன் அண்ணா.

பதில்: வரலாற்றுப் புத்தகத்தை முதல்ல ஓசிஆருக்குப் போட்டுட்டுச் சாப்பிடப் போங்க. முந்நூறு பக்கம்னா பழைய லேப்டாப்ல அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்.